வீட்டு டிரைவரின் பதினெட்டாம் பிரிவு

என் கடைக்கு நளீம் கொமினிகேஷன் என்று பெயர். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு கொப்பி மெஷின், ஒரு லெமினேட் மெஷின், மூன்று கணினி. அதில் மூன்றாவது கணினியை என்னுடையது என்று சொல்ல எனக்கே இப்போது கூச்சமாக இருக்கிறது. ஏழு வருடமாக அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் சுபைறா ராத்தா. மற்றவர்கள் மணிக்கணக்குக்கு வாடகை தருவார்கள். ராத்தா ஒரு போத்தல் பிளேன்டீயும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏச்சும் தருவார்.

ஊரில் அவரைப் பேப்பர் ராத்தா, அதாவது பேப்பர் அக்கா, என்பார்கள். லண்டனிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வரும் ‘கீழ்த்திசை மடல்’ என்ற பத்திரிகைக்கு அவர்தான் கல்முனைச் செய்தியாளர். அந்தப் பேப்பர் கடதாசியாக எங்கள் ஊருக்கு வருவதில்லை. கட்டாரிலும் குவைத்திலும் லண்டனிலும் இருக்கிற நம்மட ஆட்கள் போனில் வாசிப்பார்கள். அதன் ஐந்தாம் பக்கம் வளைகுடாப் பக்கம். விசா, இக்காமா என்கிற வதிவிட அனுமதி, சம்பளச் சட்டம் என்று எது மாறினாலும் அதை எழுதுவது ராத்தாவின் வேலை.

பத்திரிகைத் தொழிலை அவர் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, குவைத்தில் ஒரு வீட்டுக் குசினியில். மருதமுனையிலிருந்து வீட்டு வேலைக்குப் போய்ப் பதினொரு வருடம் ஒரே வீட்டில் நின்றவர். அந்த வீட்டுக் கிழவருக்குக் கண் பார்வை போய்விட்டது. பேப்பர் வாசிக்காமல் அவருக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. குர்ஆன் ஓதப் பள்ளியில் படித்ததால் ராத்தாவுக்கு அரபு எழுத்துத் தெரியும், ஆனால் அர்த்தம் ஒரு சொல்லும் தெரியாது. ராத்தா அர்த்தம் தெரியாமல் சத்தமாக வாசிப்பார், கிழவர் அர்த்தம் சொல்லித் திருத்துவார். மூன்றாம் வருடம் ராத்தா செய்தியை வாசித்துவிட்டு, “இந்த மந்திரி பொய் சொல்றான் போல” என்று கிழவரோடு வாதாடுகிற நிலைக்கு வந்துவிட்டார். இதை அவர் எனக்குச் சொன்னது நூறு தடவை இருக்கும். நூறு தடவையும் நான் சிரித்தேன், இல்லாவிட்டால் ஏச்சு விழும்.

செய்தி எழுதுவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அரபியில் வந்த அறிவிப்பைத் தானே வாசிக்க வேண்டும். அங்கே வேலை செய்கிற இரண்டு பேரிடமாவது கேட்க வேண்டும். யாராவது ஒருவரை உதாரணம் காட்டினால், அவருடைய விசாக் கடதாசியைக் கண்ணால் பார்க்க வேண்டும். “வாயால சொல்றது கதை, கடதாசியில இருக்கிறதுதான் விசா” என்பார். அந்தப் பிடிவாதத்தை அவர் ஒரே ஒரு தடவை விட்டார். அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து ஜூன் மாதம். குவைத்தில் ஒரு புதுச் சட்டம் வருகிறது என்று எங்கள் வட்ஸப் குழுக்கள் கொதித்தன. “குவைத் கதவப் பூட்டுது”, “இனிக் கபீல் கையெழுத்து இல்லாம மையத்தும் வராது” என்றெல்லாம் குரல்பதிவுகள். கபீல் என்றால் அங்கே நம்மை வேலைக்கு எடுத்துப் பொறுப்பு நிற்கிற ஆள், மையத்து என்றால் பிணம். குரல்பதிவு போட்டவர்களில் பாதிப் பேர் கொழும்பு விமான நிலையத்தையே காணாதவர்கள். வாய் மட்டும் உலகம் சுற்றும்.

ராத்தா அறிவிப்பை எடுத்து, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, விரல் வைத்து வாசித்தார். விசயம் இவ்வளவுதான். ஜூலை முதலாம் தேதியிலிருந்து, தனியார் கம்பனிகளில் வேலை செய்கிற வெளிநாட்டவர்கள், அதாவது வதிவிட அனுமதியில் பதினெட்டாம் பிரிவு என்று உள்ளவர்கள், நாட்டை விட்டு வெளியேற முன்னர் வெளியேறும் அனுமதி எடுக்க வேண்டும். தொழிலாளி தன் போனில் அரசாங்கத்தின் சஹல் செயலியில் பயணத் தேதியைப் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். முதலாளி பக்கம் அதைக் கணினியில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் விமான நிலையத்துக்குப் போனால் திரும்பி வரவேண்டியதுதான். முதலாளி காரணம் இல்லாமல் மறுத்தால் தொழிலாளர் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். வீட்டு வேலைக்குப் போனவர்கள் இருபதாம் பிரிவு. அவர்களுக்கு இந்தச் சட்டம் இல்லை.

“பாத்தியா தம்பி, பூட்டுறது எல்லாருக்கும் இல்ல” என்றார் ராத்தா. “நம்மட பொம்புளைகள் எத்தின பேர் வீட்டு விசாவில இரிக்காங்க. அவங்கட வீட்டுக்காரி இந்த வதந்தியச் சாட்டி, ‘ஒனக்கும் பெர்மிட் வேணும், நான் தரமாட்டன்’ எண்டு புடிச்சி வெச்சிருவாள். இத நல்லா வெளங்க எழுதோணும்.”

எழுதினார். நல்லாத்தான் எழுதினார். அனுப்பி அரை மணித்தியாலத்தில் லண்டனிலிருந்து ஆசிரியர் கேதீஸ்வரன் போன் எடுத்தார். அவர் காரைதீவு ஆள், முப்பது வருடமாக லண்டன், ஆனால் பேச்சு இன்னும் காரைதீவுதான்.

“சுபைறா, சட்டம் விளங்குது. ஆனா சட்டத்த மட்டும் வாசிக்க ஆருக்குப் பொறுமை? ஊரில ஒரு ஆளப் புடிச்சி எழுது. இன்னும் ஒரு மணித்தியாலத்தில பக்கம் மூடுறம்.”

ராத்தாவுக்கு உடனே ஞாபகம் வந்தது அடுத்த வளவு அச்சிமுகம்மது காக்கா. காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். பதினாறு வருடமாகக் குவைத்தில் வீட்டு டிரைவர். இளைய மகள் நிஹ்லாவுக்கு ஜூலை நாலாம் தேதி வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். அதற்காக அவர் வருகிறார். அந்த வருகை சாதாரண வருகை அல்ல. ஆறு வருடத்துக்கு முன்னர் மூத்த மகள் ஹஸ்மியாவின் நிக்காஹ் நடந்தபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பெண்ணைக் கைபிடித்துக் கொடுக்க வேண்டிய வொலி தகப்பன்தான். அவர் இல்லாததால் தம்பிக்காரரைப் பொறுப்பாக்கி, போனில் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் லைன் அறுந்துவிட்டது. நிக்காஹ் முடிந்ததே அவருக்குத் தெரியாது, பத்து நிமிடமாக ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டு நின்றாராம். அன்றைக்குச் சத்தியம் பண்ணினார், நிஹ்லாவை என் கையால்தான் கொடுப்பேன் என்று.

ராத்தா போன் எடுத்தார். “காக்கா, உங்கட விசா என்ன?”

“இதென்ன கேள்வி கா? நான் வீட்டு டிரைவர்தானே. ஒண்டாம் தேதி கபீல்ட குடும்பத்த எயார்போட்டில எறக்கிப் போட்டு, ரெண்டாம் தேதி ராவைக்கு நான் ஏறுறன். இன்ஷா அல்லாஹ் வெள்ளிக்கிழம விடிய வீட்ட நிப்பன்.”

இருபதாம் தேதிப் பேப்பரில் அது வந்தது. ‘மருதமுனை அச்சிமுகம்மது வீட்டுச் சாரதி. அவருக்கு அனுமதி தேவையில்லை. மகளின் திருமணத்துக்கு அவர் கவலையின்றி வருகிறார்.’ பெட்டி கட்டி, சிரித்த முகப் படத்தோடு. காக்காவின் மனைவி உம்முசல்மா அதைப் போனில் வீடு வீடாகக் காட்டினார். பந்தல்காரனுக்குக்கூடக் காட்டினார்.

ஜூலை முதலாம் தேதி செவ்வாய்க்கிழமை பின்னேரம் உம்முசல்மா என் கடைக்கு வந்தார். காவின் என்கிற கலியாணப் பதிவுக்குக் காக்காவின் பாஸ்போட் கொப்பி வேண்டுமாம். வீட்டிலுள்ள எல்லாக் கடதாசியையும் ஒரு பிளாஸ்ரிக் கோவையோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார். நான் பாஸ்போட் கொப்பியைத் தேடிக்கொண்டு ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். இடையில் லெமினேட் பண்ணின அரபுக் கடதாசி ஒன்று.

“அத மெல்ல வை மகன்” என்றார் உம்முசல்மா. “அவர் போன வருசம் போனில அனுப்பினது. குர்ஆன் வைக்கிற தட்டிலதான் வெச்சிரிக்கன்.”

எங்கள் ஊரில் இப்படித்தான். அரபு எழுத்து இருந்தால் அதை நிலத்தில் போடமாட்டோம், மிதிக்கமாட்டோம், காலுக்கு நேரே வைக்கமாட்டோம். உயரத்தில் வைத்து மரியாதை பண்ணுவோம். வாசிக்க மட்டும் மாட்டோம். நான் மூன்று தடவை குர்ஆன் முடித்தவன். அந்தக் கடதாசியைப் போன வருடம் பிரின்ட் எடுத்து, சூடு காட்டி, ஓரம் வெட்டிக் கொடுத்ததும் நான்தான். ஓர் எழுத்தையாவது கூட்டி வாசித்தேனா? துஆவோ என்னவோ என்று நினைத்தேன்.

பிளேன்டீ ஊற்ற எழும்பிய ராத்தா அந்தக் கடதாசியைக் கண்டார். கண்டவர் போத்தலை அப்படியே வைத்தார். கடதாசியை எடுத்து வாசித்தார். திரும்ப வாசித்தார். அவருடைய முகம் செத்துப்போனது.

“ராத்தா, என்ன?” என்றேன்.

“இது வேலைப் பத்திரம் தம்பி. முதலாளி எண்டு போட்டிருக்கிறது கபீல் இல்ல, ஒரு கம்பனி. காக்கா வீட்டு விசா இல்ல.”

உம்முசல்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இல்ல புள்ள, அவர் அந்த வீட்டிலதானே ஓடுறார். புள்ளைகளப் பள்ளிக்கு ஏத்துறார். அந்த வீட்டு மாமிய டொக்டரிட்டக் கொண்டு போறார்.”

“என்ன ஓடுறார் எண்டு கேக்கல்ல மச்சி. கடதாசியில என்ன இரிக்கி எண்டு நான் கேட்டிரிக்கோணும். யா அல்லாஹ், நான் கேக்கல்லியே!”

ராத்தா காக்காவுக்கு எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். காக்கா சந்தோசத்தில் இருந்தார். காலையில் கபீலையும் குடும்பத்தையும் துருக்கிக்கு ஏற்றிவிட்டு, பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாராம்.

“காக்கா, போன வருசம் ஒங்கட இக்காமாவில ஏதும் மாத்தினதா?”

“ஓம் கா. வீட்டு விசாக்காரரக் கம்பனிக்கு மாத்தலாம் எண்டு ரெண்டு மாசம் தொறந்தாங்களே, அப்ப கபீல் தன்ட கம்பனிக்கு மாத்தினவர். எனக்கென்ன, அதே கார், அதே வீடு, அதே ரூம்.”

“சஹலத் தொறந்து வதிவிடத்தில என்ன பிரிவு எண்டு பாருங்க.”

பிறகு காக்கா மெல்லச் சொன்னார்: “பதினெட்டு கா.”

என் கடையில் அந்த நேரம் நாலு வாடிக்கையாளர் நின்றார்கள். நாலு பேரும் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். உம்முசல்மா கதிரையில் இருந்துவிட்டார். நாளை இரவு விமானம். கோடை லீவு, அடுத்த ஒன்பது நாளைக்கு ஒரு சீற்றும் இல்லை. வெள்ளிக்கிழமை நிக்காஹ். கபீல் ஆகாயத்தில்.

“அழுகிறத நிப்பாட்டுங்க மச்சி, நான் முதல்ல அழோணும்” என்றார் ராத்தா. பிறகு காக்காவுக்கு ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கொடுத்தார். இதை அமத்துங்க, தேதியப் போடுங்க, விமானமார்க்கம் எண்டு தெரிவு செய்யுங்க, அனுப்புங்க. அனுப்பினார். ‘முதலாளியின் ஒப்புதலுக்காக’ என்று வந்து நின்றது.

ஒப்புதல் கொடுக்கக் கபீலே இருக்க வேண்டும் என்றில்லை. கம்பனியின் அரசாங்க வேலைகளைப் பார்க்க மந்தூப் என்று ஓர் ஆள் இருப்பார், கையெழுத்து அதிகாரமும் அவருக்கு இருக்கும். அந்தக் கம்பனியின் மந்தூப் ஓர் எகிப்துக்காரர். காக்கா அவரிடம் கதைத்துவிட்டு அரை அழுகையில் திரும்ப எடுத்தார்.

“அவன் சிரிக்கான் கா. ‘நீ வீட்டு டிரைவர், ஒனக்கென்னத்துக்குப் பெர்மிட், போய்ப் படு’ எண்டு போன வெச்சிட்டான்.”

கேட்டீர்களா? கம்பனி ஆவணமெல்லாம் கையில் வைத்திருக்கிற மனுசனுக்கும் அதே மயக்கம். மருதமுனையில் உம்முசல்மா, கல்முனையில் நான், குவைத்தில் மந்தூப். எல்லோரும் மனுசனைப் பார்த்தோம், ஒருவனும் கடதாசியைப் பார்க்கவில்லை.

“நம்பரத் தாங்க” என்றார் ராத்தா.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். ராத்தா அரபு படித்தது எண்பது வயதுக் கிழவரிடம். ஆகவே அவர் வாயில் வருவது பழங்காலக் குவைத்துப் பெரிய மனிதர்களின் அரபு. “ஷ்லோனக், யா வல்தி” என்று, எப்படி இருக்கிறாய் மகனே என்று, நிதானமாகத் தொடங்கினார். எதிர்ப்பக்கத்துக் குரல் அப்படியே இறங்கிப்போனது. கபீலின் பெரியம்மா யாரோ பேசுகிறார் என்று மந்தூப் நினைத்திருக்க வேண்டும். ராத்தா பொய் சொல்லவில்லை. பெயரைச் சொன்னார், பத்திரிகைச் செய்தியாளர் என்றார், இலங்கை என்றார். ஆனால் அந்த மனுசன் அதற்குள் ஹஜ்ஜுக்குப் போன பெரிய மனுசியைக் கூப்பிடுகிற மாதிரி ஹாஜியா, ஹாஜியா என்று குழையத் தொடங்கிவிட்டான்.

“ஒண்ட போனில இரிக்கிற கம்பனித் தொழிலாளர் பட்டியலத் தொற மகன். அதில அச்சிமுகம்மது எண்டு இரிக்கா, பாரு” என்றாராம். பிறகு எனக்கு மொழிபெயர்த்தார். பட்டியலில் பெயர் இருந்தது. பிறகு, கணக்குக்குரிய கடவுச்சொல் அலுவலகக் கணினியில் இருக்கிறது, நாளைக் காலை எட்டு மணிக்குச் செய்கிறேன் என்று மூன்று தரம் வாக்குக் கொடுத்தானாம்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டியதுதான். உம்முசல்மாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு ராத்தா லண்டனுக்கு எடுத்தார்.

“கேதீஸ் அண்ணன், நான் பிழ விட்டுட்டன்.”

ஆசிரியர் கேட்டார். பிறகு சொன்னார்: “சரி, பதட்டப்படாத. இணையத்தில அந்தப் பெட்டிய நான் சத்தமில்லாமத் தூக்கி விடுறன். ஆரும் கவனிக்க மாட்டாங்க.”

“தூக்கக் கூடா!” ராத்தா போட்ட சத்தத்தில் கொப்பி மெஷினே நின்றுவிட்டது என்று நினைத்தேன். “வாசிச்சவன் வாசிச்சிட்டான் அண்ணன். போன வருசம் மாறின வீட்டு டிரைவர்மார் இன்னும் எத்தின பேர் இந்தப் பெட்டியப் பாத்துட்டு, நமக்கும் ஒண்டுமில்ல எண்டு எயார்போட்டுக்குப் போகப் போறானுகள்? அதே இடத்தில, அதே பெரிசில போடுங்க. எண்ட பேரப் போடுங்க. கடதாசியப் பாக்காம எழுதினன் எண்டும் போடுங்க.”

“உண்ட பேர் கெடுமே சுபைறா.”

“கெடட்டும். வாசிச்சவன்ட டிக்கட் கெடாம இருந்தாப் போதும்.”

எனக்கு அவர் மேல் எத்தனையோ கோபம் உண்டு. கீபோட்டில் தேநீர் ஊற்றியது உட்பட. அன்றைக்கு என் நெஞ்சு நிறைந்துபோனது, அதை மறைக்க நான் மெஷினுக்குத் தாள் போட்டேன்.

திருத்தம் மஃரிப் தொழுகைக்கு முன்னரே இணையத்தில் வந்தது. ‘நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று பார்க்காதீர்கள். உங்கள் வதிவிட அனுமதியில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். பதினெட்டு என்றால் இன்றே விண்ணப்பியுங்கள். நான் பார்க்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். சுபைறா, கல்முனை.’ ராத்தாவின் போன் அதற்குப் பிறகு ஓயவில்லை. சாய்ந்தமருதில் ஒரு தாய், அக்கரைப்பற்றில் ஒரு மச்சினன், குவைத் சல்மியாவிலிருந்து நேராக ஒரு சமையல்காரர். அவரும் வீட்டில்தான் சமைக்கிறார், பார்த்தால் பதினெட்டு. அடுத்த சனிக்கிழமை அவருக்குப் பயணம். “அல்லாஹ் ஒங்களுக்கு நீண்ட ஆயுசத் தரட்டும் ராத்தா” என்றார். ராத்தா, “பெர்மிட் வந்த பொறகு துஆச் செய்ங்க, இப்பப் போய் அமத்துங்க” என்று ஏசினார்.

புதன்கிழமை குவைத்தின் எட்டு மணி எங்களுக்குப் பத்தரை. பத்தரை போனது, பதினொன்று போனது, பன்னிரண்டு போனது. உம்முசல்மா ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எடுத்தார். நான் ஒருவருடைய தேசிய அடையாள அட்டையை எட்டுக் கொப்பி அடித்துவிட்டு இரண்டுதான் கேட்டார் என்று மிச்சத்தைக் கிழித்துப் போட்டேன். லுஹர் பாங்கு சொல்லி முடிகிற நேரம் ராத்தாவின் போனில் படம் ஒன்று வந்து விழுந்தது. சஹலின் ஸ்கிரீன்ஷொட். ‘அனுமதிக்கப்பட்டது’ என்று பச்சையில் இருந்தது. ராத்தா எழும்பித் தொழப் போய்விட்டார். நான் பக்கத்துக் கடைக்கெல்லாம் கேட்கிற மாதிரி அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

வெள்ளிக்கிழமை விடியக் காக்கா பஸ்ஸால் இறங்கினார். அவருடைய பெட்டியை நான்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தேன். அஸருக்குப் பிறகு பந்தலில் ஆண்கள், வீட்டுக்குள் பெண்கள், நடுவில் ஒரு சீலைத் திரை. மௌலவி குத்பா ஓதி முடித்து, மாப்பிள்ளையின் வலது கையைக் காக்காவின் கையில் வைத்தார். சொல்ல வேண்டிய வசனத்தைச் சொல்லச் சொன்னார். மைக் திறந்திருந்தது.

காக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு தெளிவாகத் தொடங்கினார்: “எனது மகள் ஹஸ்மியாவை…”

மூன்றாவது வரிசையில் மடியில் பிள்ளையோடு இருந்த ஹஸ்மியாவின் புருஷன் திடுக்கிட்டு எழும்பிவிட்டான். மௌலவி காக்காவின் கையை மெல்ல அமுக்கி, “காக்கா, மகள்ட பேரு” என்றார். அப்போதுதான் மனுசனுக்கு விளங்கியது. ஆறு வருடத்துக்கு முன்னர் போனைப் பிடித்துக்கொண்டு மனப்பாடம் பண்ணி வைத்த வசனம் அது, யாருக்கும் சொல்லாமல் உள்ளேயே கிடந்திருக்கிறது. யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தோம். காக்கா சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் தரம் சரியாகச் சொன்னார், நிஹ்லாவை என்று. மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டான்.

திரைக்கு அந்தப் பக்கம் நடந்ததை ராத்தா பிறகு எனக்குச் சொன்னார். ஸ்பீக்கரில் தன் பெயர் கேட்டதும் ஹஸ்மியா சிரித்தாளாம். சிரித்தவள் அப்படியே ராத்தாவின் தோளில் முகத்தை வைத்துவிட்டாளாம். “பாத்தீங்களா மாமி, என்னையும் இண்டைக்கு வாப்பாவே குடுத்திட்டார்” என்றாளாம். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு விருந்தாளிகளுக்குச் சஹன் தட்டில் சோறு வைக்கப் போனாளாம்.